அரக்குப் புடவையில் கிளிப்பச்சைக் கோடு: அட்லஸில் பேடிங் வைத்தும் போகவில்லை

தெப்பக்குளம் · இரவு 9:40

விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்காக சுங்குடிப் புடவைகளை 3டியில் காட்டும் ஒரு பக்கம் செய்துகொண்டிருக்கிறேன். WebGL 2, நானே எழுதிய சின்ன ஷேடர். வரிசையாகப் பொம்மைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு புடவை. 16 டிசைன்களை 2048×2048 அட்லஸ் ஒன்றில் 4×4 கட்டமாக அடுக்கியிருக்கிறேன், கட்டம் ஒவ்வொன்றும் 512 பிக்சல். புடவையின் உடல் பகுதிக்கு ஒரே டைலை ஷேடரில் `fract()` போட்டுத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறேன்.

பிரச்சனை இதுதான். அரக்கு டிசைனுக்குப் பக்கத்துக் கட்டத்தில் கிளிப்பச்சை டிசைன் இருக்கிறது. கேமராவைக் கொஞ்சம் பின்னால் இழுத்தால் அரக்குப் புடவையில் டைல் திரும்பும் ஒவ்வோர் இடத்திலும் பச்சைக் கோடு விழுகிறது. கட்டம் போட்ட லுங்கி மாதிரி ஆகிவிடுகிறது. கடைக்காரர் பார்த்துவிட்டு "தம்பி, சாயம் ஒட்டுதே" என்றார். சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

டைலை 508 ஆகச் சுருக்கி, சுற்றிலும் 2 பிக்சல் பேடிங் விட்டுப் பார்த்தேன். கோடு வருவது கொஞ்சம் தள்ளிப் போயிற்று, அவ்வளவுதான். இன்னொன்று: முந்தானைக் குஞ்சம் தனி டெக்ஸ்சர், பின்னணி வெளிப்படை. அதைச் சுற்றிக் கறுப்பாக ஒரு விளிம்பு தெரிகிறது. இரண்டும் ஒரே வியாதியா?

பழங்காநத்தம் · இரவு 9:58

இது எல்லாருக்கும் வருவதுதான். பைலீனியர் ஃபில்டர் ஓரத்தில் பக்கத்துப் பிக்சலையும் சேர்த்து எடுக்கிறது. UV-ஐ நாலு பக்கமும் அரை டெக்ஸெல் உள்ளே தள்ளுங்கள், அதாவது 0.5/2048. பேடிங்கே தேவையில்லை. என் புராஜெக்ட்டில் 2 வருஷமாக அப்படித்தான் ஓடுகிறது.

தெப்பக்குளம் · இரவு 10:20

செய்து பார்த்தேன் அண்ணே. கிட்டத்தில் கோடு மெலிந்தது. தூரத்தில் அப்படியே இருக்கிறது.

மேலூர் ரோடு · இரவு 10:31

எனக்கும் இதே பிரச்சனை. 2டி டைல்மேப் கேம், 16 பிக்சல் டைல்கள். கேமரா நகரும்போது டைல்களுக்கு நடுவே கறுப்புக் கோடு பளிச் பளிச்சென்று வந்து போகிறது. பேடிங் போட்டால் சரியாகுமா? ஃபில்டர் `NEAREST`தான், மிப்மேப் கிடையாது.

கள்ளந்திரி · இரவு 11:05

மேலூர் ரோடு, உங்களுடையது வேறு. மிப்மேப்பும் இல்லை, `NEAREST` என்கிறீர்கள். அந்தக் கறுப்பு பின்னால் இருக்கும் clear நிறமாகத்தான் இருக்கும். அதை மஞ்சளாக மாற்றிப் பாருங்கள். கோடும் மஞ்சளானால் டைல் செவ்வகங்களே ஒன்றையொன்று தொடவில்லை என்று அர்த்தம், அப்போது கேமராவை முழுப் பிக்சலுக்கு ரவுண்டு செய்யுங்கள். தனி இழை போட்டால் விரிவாகப் பேசலாம்.

தெப்பக்குளம், உங்களுடைய இரண்டும் ஒரே வியாதி இல்லை. முதலில் கோட்டைப் பார்ப்போம்.

பழங்காநத்தம் சொன்னது தப்பில்லை, ஆனால் அது மிப் 0-க்கு மட்டும்தான் காப்பு. அரை டெக்ஸெல் உள்ளே தள்ளுவதும் அரைப் பிக்சல் பேடிங் விடுவதும் ஒன்றுதான். மிப்மேப் செய்யும்போது 2×2 பிக்சல்கள் ஒன்றாகின்றன. மிப் 1-இல் அந்த அரைப் பிக்சல் கால் டெக்ஸெலாகிவிடும், மிப் 2-இல் அரைக்கால். மிப் ஒவ்வொரு படி இறங்கும்போதும் நீங்கள் விட்ட இடைவெளி பாதியாகிறது, ஆனால் பைலீனியர் கை நீட்டும் தூரம் அந்தந்த மட்டத்தில் எப்போதும் அரை டெக்ஸெல்தான். பழங்காநத்தத்துடைய புராஜெக்ட்டில் மிப்மேப் இல்லை என்று பந்தயம் கட்டுகிறேன்.

ஊகிக்க வேண்டாம், ஒரு சோதனை செய்யுங்கள். டிசைனையெல்லாம் எடுத்துவிட்டுக் கட்டங்களை மாற்றி மாற்றி முழுச் சிவப்பு, முழுப் பச்சை என்று பேடிங் உட்பட நிரப்புங்கள். ஷேடரில் `texture()` இருக்கும் இடத்தில் `textureLod(atlas, uv, lod)` போட்டு, `lod`-ஐ 0, 1, 2 என்று கையால் ஏற்றுங்கள். எந்த மட்டத்தில் சிவப்பின் ஓரத்தில் அழுக்கு நிறம் தெரிகிறதோ, அங்கேதான் உங்கள் பேடிங் தீர்ந்துபோகிறது.

பழங்காநத்தம் · இரவு 11:12

பந்தயம் நீங்கள் ஜெயித்தீர்கள். ஐசோமெட்ரிக் கேம், மிப்மேப் ஆஃப்.

தெப்பக்குளம் · மறுநாள் காலை 7:15

செய்தேன். 0, 1, 2 சுத்தம். 3-இல் ஆரம்பித்துவிட்டது. 4, 5 சொல்லவே வேண்டாம்.

கள்ளந்திரி · காலை 8:50

கணக்கு அப்படியே வருகிறது. கட்டம் 512, பேடிங் 2. மிப் 3-இல் ஒரு டெக்ஸெல் என்பது பழைய 8 பிக்சல். டைலின் ஓரம் கட்ட எல்லையிலிருந்து 2/8, அதாவது கால் டெக்ஸெல் தள்ளி நிற்கிறது. கட்டத்தின் முதல் டெக்ஸெலுக்கு மையம் 0.5-இல். 0.25-இல் எடுத்தால் 75 சதவீதம் நம் நிறம், 25 சதவீதம் பக்கத்து வீட்டுப் பச்சை. மிப் 2-இல் ஓரம் 2/4, சரியாக மையத்தில், அதனால் தப்பித்தது.

அதாவது கட்டங்கள் இப்படி ஒழுங்காக 2-இன் அடுக்கு எல்லைகளில் உட்கார்ந்திருந்தால், பேடிங்கின் இரண்டு மடங்கு வரை டெக்ஸெல் பெரிதாகலாம். 2 பிக்சலுக்கு 4, மிப் 2. 16 பிக்சலுக்கு 32, மிப் 5.

ஆகவே டைலை 480 ஆக்குங்கள், சுற்றி 16, மொத்தம் 512. மிப் 5-இல் உங்கள் டைல் 15 டெக்ஸெல் அகலம்தான் இருக்கும். புடவையில் ஒரு டைல் திரையில் 15 பிக்சலுக்குச் சுருங்கும் வரை பச்சை வராது. அதற்குக் கீழே போகவிடாமல் பூட்டுங்கள்:

```
gl.texParameteri(gl.TEXTURE_2D, gl.TEXTURE_MAX_LEVEL, 5);
```

இதெல்லாம் `generateMipmap` செய்வது போல 2×2 சராசரி எடுத்தால்தான். லான்சோஸ் மாதிரி அகலமான ஃபில்டரால் மிப் தயாரித்தால் அது இன்னும் எட்டிக் கை வைக்கும், ஒரு மட்டம் குறைத்துக்கொள்ளுங்கள்.

இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று கண்ட இடத்தில் டைலைச் சொருகும் பேக்கரை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். கட்டம் எல்லையில் உட்காராவிட்டால் ஒரு மிப் டெக்ஸெலே இரண்டு டிசைன்கள் மேல் கால் பரப்பி நிற்கும். அப்போது டெக்ஸெல் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு பேடிங் வேண்டும். அதே 16 பிக்சல் மிப் 3 வரைதான் வரும்.

வில்லாபுரம் · காலை 9:30

நான் புரோகிராமர் இல்லை, ஜவுளிக்கு டிசைன் போடுகிறவள். பேடிங்கில் என்ன நிரப்பப் போகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லையே? வெறும் இடமாக விட்டால் பச்சைக்குப் பதில் கறுப்புக் கோடுதானே வரும்?

தெப்பக்குளம் · காலை 9:41

ஓரப் பிக்சலையே வெளியே இழுத்து நிரப்புகிறேன் அக்கா. `np.pad`-இல் `mode='edge'`.

வில்லாபுரம் · காலை 9:55

சுங்குடியிலா? ஓரத்தில் புள்ளி பாதி வெட்டுப்பட்டு நிற்குமே. அதை இழுத்தால் புள்ளிக்கு வால் முளைக்கும்.

கள்ளந்திரி · காலை 10:20

அக்கா சொல்வது சரி, நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். திரும்பத் திரும்ப வரும் டைலுக்கு `edge` பொருந்தாது. புடவையில் வலது ஓரத்துக்கு அடுத்து நிஜமாக வருவது இடது ஓரம். பேடிங்கிலும் அதுவே இருந்தால்தான் ஓரத்தில் எடுக்கும் சராசரி உண்மையான சராசரியாக இருக்கும். வெட்டுப்பட்ட அரைப்புள்ளியின் மீதி அரை எதிர்ப்பக்கத்தில்தான் இருக்கிறது.

```
p = 16
cell = np.pad(tile, ((p,p),(p,p),(0,0)), mode='wrap')
```

கரைப் பட்டை நீளவாக்கில் மட்டும் திரும்பும், குறுக்கே திரும்பாது. அதற்கு நீளத்தில் `wrap`, குறுக்கே `edge`, இரண்டு தடவையாகப் போடுங்கள். இதையெல்லாம் முடித்த பிறகுதான் `generateMipmap`. கேட்காமலே சொல்கிறேன், போன வருஷம் நானே இதில் அரைநாள் தொலைத்தேன்: அட்லஸை ஏற்றி மிப் செய்த பின்னால், `texSubImage2D`-ஆல் பேடிங்கை நிரப்பினேன். மட்டம் 0 மட்டும் மாறியது, மற்றதெல்லாம் பழைய மிப்தான். கிட்டத்தில் அழகு, தூரத்தில் அதே கோடு.

தெப்பக்குளம் · மாலை 6:30

480 + 16, `wrap`, மட்டம் 5-இல் பூட்டு. பச்சை அடியோடு போய்விட்டது! சிவப்பு, பச்சை சோதனையிலும் 5 வரை சுத்தம்.

ஆனால் இப்போது வேறு ஒரு கோடு. அதே இடத்தில், டைல் திரும்பும் இடத்தில், மெல்லிசாக வெளிறிய அரக்கு நிறம். விட்டு விட்டு, இழை பிரிந்த மாதிரி. கிட்டத்தில் போனாலும் அதே தடிமன், தள்ளிப் போனாலும் அதே தடிமன். பேடிங்கை 32 ஆக்கிப் பார்த்தேன், அசையவில்லை. விசித்திரம் என்னவென்றால், `textureLod` வைத்து மட்டத்தைக் கையால் ஏற்றும்போது அந்தக் கோடே காணோம்.

பழங்காநத்தம் · மாலை 6:44

அப்படியென்றால் பேடிங் 64 போடுங்கள்.

கள்ளந்திரி · இரவு 8:15

வேண்டாம், 64 போட்டாலும் போகாது. எல்லாத் துப்பும் அவர் பதிவிலேயே இருக்கிறது. நிறம் பக்கத்து டிசைனுடையது இல்லை, தன் டிசைனே மங்கிய நிறம். தடிமன் தூரத்தோடு மாறவில்லை, அதனால் அது திரைப் பிக்சல் கணக்கில் வருவது. மட்டத்தை நாம் சொன்னால் மறைகிறது, அதனால் மட்டத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் கோளாறு.

காரணம் `fract()`. ஜி.பி.யு. 2×2 திரைப் பிக்சல்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பக்கத்துப் பிக்சலுக்கு UV எவ்வளவு மாறுகிறது என்று பார்த்துத்தான் மிப் மட்டத்தை முடிவு செய்கிறது. டைல் திரும்பும் இடத்தில் ஒரு பிக்சலுக்கு 0.99, அடுத்ததற்கு 0.01. ஒரே பிக்சலில் 480 டெக்ஸெல் ஓடிவிட்டது என்று அது நினைத்துக்கொள்கிறது. உடனே கிடைப்பதிலேயே சிறிய மிப்பை எடுக்கிறது. உங்களுக்கு 5-இல் பூட்டு, அதனால் 15 டெக்ஸெல் மங்கல் படத்திலிருந்து ஒரு பிக்சல். அரக்கும் வெள்ளைப் புள்ளியும் கலந்து வெளிறிய அரக்கு. அந்த 2×2 கூட்டம் திரும்பும் இடத்தின் மேல் விழுந்தால் வரும், விழாவிட்டால் வராது. விட்டு விட்டுத் தெரிவது அதனால்தான்.

`fract` செய்வதற்கு முந்தைய மதிப்பிலிருந்து மாற்ற வீதத்தை எடுத்துக் கையில் கொடுங்கள்:

```
vec2 t = vUv * repeat;
vec2 uv = cellMin + fract(t) * cellSize;
vec4 c = textureGrad(atlas, uv,
           dFdx(t) * cellSize, dFdy(t) * cellSize);
```

`cellMin` பேடிங்குக்கு உள்ளே தொடங்க வேண்டும், `cellSize` 480/2048. 512 என்று போட்டுவிடாதீர்கள்.

தெப்பக்குளம் · இரவு 8:52

போயே போய்விட்டது. கிட்டத்திலும் சுத்தம். முதல் நாள் அரை டெக்ஸெல் தள்ளியும் "கிட்டத்தில் மெலிந்தது" என்றேனே, அந்த மீதிக் கோடு இதுதான் போல. இரண்டு கோடு ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருந்திருக்கிறது.

இனி குஞ்சம். கறுப்பு விளிம்பு.

வில்லாபுரம் · இரவு 9:10

இது எனக்குத் தெரியும். வெளிப்படையான இடத்தில் நிறம் இல்லை என்று நாம் நினைக்கிறோம், ஆனால் ஃபைலில் அங்கே கறுப்பு இருக்கும். குஞ்சத்தின் நிறத்தை வெளியே பரப்ப வேண்டும். நான் லேயரை 4 தடவை நகல் எடுத்து, நகலை மங்கலாக்கிக் கீழே வைப்பேன்.

கள்ளந்திரி · இரவு 9:35

காரணம் அதேதான். குஞ்சத்து நூல் (160, 20, 40) என்று வையுங்கள். மிப் செய்யும்போது 4 பிக்சலில் ஒன்று நூல், மூன்று வெளிப்படைக் கறுப்பு. சராசரி (40, 5, 10), ஆல்ஃபா கால் பங்கு. வர வேண்டியது (160, 20, 40), ஆல்ஃபா கால். திரையில் கலக்கும்போது ஏற்கெனவே கால் பங்கான நிறம் மறுபடியும் கால் பங்காகிறது, அதுதான் கரி பூசின மாதிரி ஆகிறது.

மங்கலாக்கும் வழியில் ஒரு சிக்கல் உண்டு அக்கா. ஆல்ஃபாவும் சேர்ந்து பரவினால் குஞ்சம் தடித்துவிடும். நிறம் மட்டும் பரவ வேண்டும், ஆல்ஃபா 0 ஆகவே நிற்க வேண்டும். ஒவ்வொரு வெற்றுப் பிக்சலுக்கும் அருகிலுள்ள நூல் பிக்சலின் நிறத்தைக் கொடுங்கள். நாலு பிக்சல் தூரம் போதாது, மிப் 5 வரை இறங்குகிறோம் என்றால் படம் முழுவதையும் நிரப்பிவிடுவதுதான் நிம்மதி. ஆனால் குஞ்சத்தையும் அட்லஸில் வைத்தால் கட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் முதல் பிரச்சனைக்கே திரும்புவோம்.

தெப்பக்குளம் · இரவு 11:20

ஸ்கிரிப்ட் எழுதி நிரப்பினேன். ஆல்ஃபாவை நீக்கிப் பார்த்தால் PNG முழுக்க அரக்கு நிறம், அழகாக இருக்கிறது. பக்கத்தில் ஏற்றினால் கறுப்பு விளிம்பு அப்படியே. பைத்தியம் பிடிக்கிறது.

கள்ளந்திரி · இரவு 11:31

PNG-ஐ நேராகவா ஏற்றுகிறீர்கள்?

தெப்பக்குளம் · இரவு 11:33

இல்லை. சைஸ் குறைய `cwebp` போட்டு WebP ஆக்கி ஏற்றுகிறேன்.

கள்ளந்திரி · இரவு 11:36

அதுதான். ஆல்ஃபா 0 உள்ள இடத்தில் நிறம் யாருக்கும் தெரியாது என்று அது தூக்கிப் போட்டுவிடும், சுருக்கம் கூடும் என்பதற்காக.

```
cwebp -lossless -exact kunjam.png -o kunjam.webp
```

`-exact` இருந்தால்தான் மறைந்திருக்கும் நிறம் பிழைக்கும். நடுவில் 2டி கேன்வாஸில் வரைந்து எடுத்தாலும் இதே கதிதான், அது ஆல்ஃபாவால் பெருக்கிய நிறத்தைத்தான் வைத்துக்கொள்ளும்.

சிம்மக்கல் · இரவு 11:50

தாமதமாக வருகிறேன். ஆல்ஃபாவால் பெருக்கிய நிறத்தையே ஏற்றி, `blendFunc(ONE, ONE_MINUS_SRC_ALPHA)` போட்டால் குஞ்சத்துக்கு நிறம் பரப்பும் வேலையே இல்லை. மேலே சொன்ன (40, 5, 10), ஆல்ஃபா கால் என்பது அந்தக் கணக்கில் சரியான விடைதான். புடவைக்கும் எதற்கு அட்லஸ்? 16-உம் ஒரே அளவு. `TEXTURE_2D_ARRAY`-இல் 16 அடுக்காக வையுங்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் மிப் தனி, `REPEAT` தானாக வேலை செய்யும், `fract` வேண்டாம், பேடிங் வேண்டாம், 480-க்குச் சுருக்கவும் வேண்டாம். மெமரியும் அதே.

கள்ளந்திரி · மறுநாள் காலை 7:40

குஞ்சத்துக்குச் சரி. உடல் டைலுக்கு மட்டும் என்றால் அர்ரே என்னுடையதை விட மேல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அர்ரேயில் எல்லா அடுக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். கரைப் பட்டைகள்?

தெப்பக்குளம் · காலை 8:05

கரை 512×96, முந்தானை 512×1024, ஆளுக்கொரு அளவு. தவிர கடைக்காரருடைய பழைய ஆண்ட்ராய்டு ஆப் ஒன்றும் இதே படங்களை எடுக்கிறது. அது OpenGL ES 2.0, அதில் அர்ரே கிடையாது.

சிம்மக்கல் · காலை 8:20

அதுக்காக புதுப் பக்கத்தையும் பழசுக்குக் கட்டிப் போடுவதா? இரண்டு தடவை எக்ஸ்போர்ட் செய்ய ஸ்கிரிப்ட் இருக்கிறதே. ES 2.0-இல் மிப் மட்டத்தைப் பூட்டவும் முடியாது, `TEXTURE_MAX_LEVEL` அங்கே இல்லை. ஆப்பில் தூரத்தில் பச்சை வரத்தான் போகிறது.

தெப்பக்குளம் · காலை 8:26

ஐயோ, அதை யோசிக்கவில்லை. ஆப்பில் கேமரா அவ்வளவு தூரம் போகாது என்று நினைக்கிறேன், பார்க்கிறேன்.

கள்ளந்திரி · காலை 8:45

போனின் அதிகபட்ச டெக்ஸ்சர் அளவையும் பாருங்கள். ஆப் எங்காவது 2048-ஐ 1024 ஆகச் சுருக்கி ஏற்றினால் 16 பேடிங் 8 ஆகிவிடும், காப்பு மட்டம் 4 வரைதான்.

தெப்பக்குளம் · இரவு 10:10

குஞ்சம் சரியாகிவிட்டது, `-exact`தான். பக்கத்தைக் கடைக்காரரிடம் காட்டினேன். பச்சை இல்லை, கறுப்பு இல்லை. ஆனால் கடைசி வரிசைப் பொம்மைகளில், கேமரா நகரும்போது புள்ளிகள் எறும்பு ஊர்வது மாதிரி மினுங்குகின்றன. மட்டம் 5-க்குக் கீழே பூட்டியதால்தானே?

கள்ளந்திரி · இரவு 10:25

அதனால்தான். பூட்டை 6-க்குத் தளர்த்தினால் மினுக்கம் குறையும், ஓரத்தில் கால் பங்கு பச்சை வரும். பேடிங்கை 32 ஆக்கினால் டைல் 448, மட்டம் 6 வரை சுத்தம், ஆனால் கிட்டத்தில் புள்ளியின் கூர்மை போகும். எது உறுத்தலாக இருக்கிறது என்று கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

வில்லாபுரம் · இரவு 10:40

நிறம் நெருங்கிய டிசைன்களைப் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் வைத்துவிட்டு 6-க்குத் தளர்த்துங்களேன். அரக்குக்கு அடுத்து வெங்காயத்தோல் நிறம் இருந்தால் கால் பங்கு கலந்தாலும் யாருக்குத் தெரியும்?

சிம்மக்கல் · இரவு 10:44

ஏமாற்று வேலை.

தெப்பக்குளம் · இரவு 10:52

மாற்றி அடுக்கிப் பார்த்தேன். கடைசி வரிசையில் எனக்குத் தெரியவில்லை. கடைக்காரரிடம் நாளைக்குக் காட்டுகிறேன், அவர் கண்ணுக்குச் சாயம் தப்பாது.